பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு

மார்கழியில் சென்னை சபாக்கள் பலவும் கச்சேரியை இணையத்தில் நேரலையாகக் கொடுக்கின்றன. சில நேரலைகள் அன்றோடு சரி, மறுநாள் தேடினால் கிடைக்காது. அதனால் பாடியவரின் வீட்டாரோ குருவோ, நடத்துபவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கி, தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டு, "உங்க கம்ப்யூட்டர்ல அதைக் கொஞ்சம் பிடிச்சு வையுங்களேன்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பிடிக்கிறவரும் ஒரு மென்பொருளில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாகப் பாட்டுக் கேட்கிறார். இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனதும் கரண்ட் போகிறது. திரும்ப வந்ததும் பார்த்தால் கோப்பு இருக்கிறது, அளவு 2.4 ஜிபி என்றும் காட்டுகிறது. ஆனால் எந்தப் பிளேயரிலும் திறக்க மறுக்கிறது.

அந்த 2.4 ஜிபியும் பாட்டுதான். தோடியும் இருக்கிறது, தனி ஆவர்த்தனமும் இருக்கிறது. இல்லாமல் போனது ஒரு சின்னப் பட்டியல் மட்டும்.

.mp4 கோப்பு எழுதப்படும் விதம் அப்படி. படமும் ஒலியும் வரவர வரிசையாக எழுதப்படும். எந்தக் காட்சி கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நொடிக்கு உரியது என்ற விவரமெல்லாம் பதிவு முடிந்த பிறகே மொத்தமாக எழுதப்படும். புத்தகத்தை எழுதி முடித்த பிறகே பொருளடக்கம் போட முடியும் என்பதுபோல. இந்தப் பட்டியலுக்கு moov என்று பெயர். கரண்ட் போனாலோ கணினி உறைந்து போனாலோ இதை எழுத வாய்ப்பே கிடைக்காது. பிறகு ffmpeg போன்ற கருவியில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் `moov atom not found` என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த வரியைப் பார்த்தவர்களுக்கு அதன் கசப்பு தெரியும். அதே அமைப்பில் எடுத்த இன்னொரு நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்து, தொலைந்த பட்டியலை ஊகித்துக் கட்டுகிற untrunc போன்ற கருவிகள் உண்டு. சில சமயம் காப்பாற்றும், சில சமயம் கைவிரிக்கும். அதை நம்பி யாரும் பதிவில் இறங்கக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய நேரலைகளில் பெரும்பாலானவை நம் வீட்டுக்கு வருவதே துண்டு துண்டாகத்தான். 2009இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற முறையில், ஒளிபரப்பு முழுவதும் சில விநாடி நீளமுள்ள தனித்தனிக் கோப்புகளாக நறுக்கப்பட்டு சர்வரில் வைக்கப்படும். ஒரு துண்டு ஆறு விநாடி இருக்கலாம் என்பது ஆப்பிளே தரும் பரிந்துரை. எந்தெந்தத் துண்டுகள் இப்போது கிடைக்கும் என்று சொல்லும் .m3u8 என்ற சிறு பட்டியல் ஒன்றும் அங்கே இருக்கும். நம் பிளேயர் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி ஓட்டுகிறது. அனுப்புகிறவர் அறுபடும் என்று தெரிந்தே நறுக்கி அனுப்புகிறார். வாங்குகிற நாமோ அதையெல்லாம் ஒட்டி ஒரே பெரிய கோப்பாக்கி, கடைசியில் மொத்தத்தையும் பறிகொடுக்கிறோம்.

ஆகவே நாமும் துண்டாகவே எழுதி வைக்கலாம். ஆனால் ஆறு விநாடிக்கு ஒரு கோப்பு என்றால் மூன்று மணி நேரத்துக்கு 1,800 கோப்புகள் சேர்ந்துவிடும், மேய்க்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் பதினெட்டு. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வரும் ஒரு சாதாரண நேரலை, நிமிடத்துக்கு 15 எம்பி பிடிக்கும். பத்து நிமிடத் துண்டு 150 எம்பி, மூன்று மணி நேரக் கச்சேரி 2.7 ஜிபி. இந்த நிமிடத்துக்கு 15 என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், பதிவு ஒழுங்காக ஓடுகிறதா என்பதைக் கோப்பின் அளவை வைத்தே சொல்லிவிடலாம்.

துண்டாக்குவதோடு வேலை முடியாது. துண்டு எந்த வகைக் கோப்பு என்பதும் முக்கியம். .mp4 துண்டுகளாக வைத்தால் முடிந்த துண்டுகள் பிழைக்கும், ஆனால் கரண்ட் போன நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த துண்டு முழுதாகப் போகும். அதிகபட்சம் பத்து நிமிடம் நஷ்டம். .ts என்ற வகையில் வைத்தால் அதுவும் போகாது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக 1990களில் வகுக்கப்பட்ட வடிவம் அது. நிகழ்ச்சியின் நடுவே யாரோ டிவியைப் போடுவார், மழையில் சிக்னல் விட்டு விட்டு வரும், அப்போதும் படம் தெரிந்தாக வேண்டும். அதனால் எல்லாமே 188 பைட் கொண்ட சின்னப் பொட்டலங்களாக இருக்கும். ஒவ்வொரு பொட்டலமும் ஒரே அடையாளப் பைட்டோடு தொடங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இடையிடையே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். கடைசியில் எழுதவேண்டிய பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஆகவே எந்த இடத்தில் அறுந்தாலும், அறுந்த இடம் வரைக்கும் ஓடும். கணினி நினைவகத்தில் இருந்து இன்னும் டிஸ்க்குக்கு இறங்காத கடைசிச் சில விநாடிகள் மட்டும் போகலாம்.

அப்படியானால் மூன்று மணி நேரத்தையும் ஒரே .ts கோப்பாக எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். கரண்ட் விஷயத்துக்கு மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் வீட்டில் கரண்ட் போவதைவிட இணைப்பு போவதுதான் அதிகம். இணைப்பு அறுந்தால் நடப்பது வேறு.

இணைப்பு இரண்டு விதமாக அறுகிறது. ஒன்று, வெளிப்படையாக அறுவது. சர்வர் கிடைக்கவில்லை என்று பதிவுக் கருவிக்குத் தெரிந்துவிடும். அது கோப்பை முறையாக மூடிவிட்டு நின்றுவிடும், .mp4 ஆக இருந்தாலும் பாதகமில்லை. சிக்கல் அதற்குப் பின்னால்தான். ஐந்து நிமிடத்தில் இணையம் திரும்பி வந்தாலும் பதிவைத் திரும்பத் தொடங்க அங்கே ஆள் இல்லை. தானாகத் தொடங்கும்படி யாராவது ஏற்பாடு செய்திருந்தாலும், பல பேர் விழுகிற குழி ஒன்று அங்கே இருக்கிறது. புதிய பதிவும் அதே `kutcheri.mp4` என்ற பெயரில் தொடங்கும். 'கேட்காமல் மேலெழுது' என்று கட்டளையில் சொல்லியிருந்தால், இரண்டு மணி நேரப் பாட்டின்மேல் ஒரு நொடியில் புதுக் கோப்பு ஏறி உட்கார்ந்துவிடும். அப்படிச் சொல்லாவிட்டால், மேலெழுதலாமா என்று திரையில் கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் கச்சேரி முடியும்வரை காத்துக்கொண்டிருக்கும். இரண்டுமே நஷ்டம்.

இன்னொன்று, சத்தமில்லாமல் அறுவது. இணைப்பு திறந்திருப்பதாகவே தோன்றும், தரவு மட்டும் வராது. பிழைச் செய்தி கிடையாது, கருவி நிற்பதும் கிடையாது. திரையில் ஓடிக்கொண்டிருந்த நேரக் கணக்கு மட்டும் ஒரே எண்ணில் நின்றிருக்கும். கோப்பின் அளவு கூடாது. பார்க்கிறவருக்கு எல்லாம் நடப்பதுபோலத்தான் இருக்கும். பதிவு செய்கிறவர்கள் மிகவும் அஞ்சவேண்டியது இதற்குத்தான்.

இவை அனைத்துக்கும் சேர்த்து ஒரு சின்ன ஏற்பாடு போதும். ffmpeg என்பது இலவசக் கருவி. 2000இல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலர் தொடங்கியது. வீடியோ சம்பந்தப்பட்ட எத்தனையோ மென்பொருள்களுக்குள் இன்று இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் அல்லது மேக் கணினியின் டெர்மினலில் கீழே உள்ளதை அப்படியே போடலாம். விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் என்ற லினக்ஸ் வசதியை நிறுவிக்கொண்டு அதற்குள் ஓட்டலாம்.

```
URL="நேரலையின் .m3u8 முகவரி"
while true; do
  ffmpeg -nostdin -rw_timeout 15000000 -i "$URL" \
    -c copy -f segment -segment_time 600 \
    -reset_timestamps 1 -strftime 1 \
    "k-%Y%m%d-%H%M%S.ts"
  sleep 3
done
```

முகவரியை நேரலை நடத்துபவரிடமே கேட்டு வாங்குங்கள். டிக்கெட் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் நேரலைகள் இதற்கு மசியாது. மசியவும் வேண்டாம், அது பாடுகிறவரின் பிழைப்பு.

கட்டளையில் உள்ளதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். `-c copy` என்றால், வந்த படத்தையும் ஒலியையும் மறுபடி சமைக்காமல் அப்படியே எழுது என்று பொருள். தரம் குறையாது, பழைய மடிக்கணினியே போதும், மின்விசிறிகூடச் சத்தம் போடாது. `-segment_time 600` என்பது பத்து நிமிடத்தை விநாடியில் சொல்வது. ஆனால் சரியாக 600ஆவது விநாடியில் வெட்டு விழும் என்று எதிர்பார்க்கக்கூடாது. வீடியோவில் எல்லாக் காட்சிகளும் முழுப் படங்கள் அல்ல. சில விநாடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படம் வரும், இடையில் உள்ளவை முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். முழுப் படம் வரும் இடத்தில்தான் புதுக் கோப்பைத் தொடங்க முடியும். ஆகவே 600ஐத் தாண்டி அடுத்த முழுப் படம் வரும்வரை காத்திருந்து வெட்டும். ஓரிரு விநாடி முன்பின் ஆவதால் நமக்கு ஒன்றும் குறைவதில்லை. `-reset_timestamps 1` ஒவ்வொரு துண்டின் நேரக் கணக்கையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைக்கிறது. இது இல்லாவிட்டால் ஐந்தாவது துண்டைத் திறக்கும்போது சில பிளேயர்கள் நாற்பதாவது நிமிடத்தைத் தேடித் தடுமாறும்.

`-rw_timeout` சத்தமில்லாமல் அறுவதற்கான மருந்து. எண் மைக்ரோ விநாடியில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது, உண்மையில் அது 15 விநாடிதான். அவ்வளவு நேரம் தரவு எதுவும் வராவிட்டால் இணைப்பு செத்ததாக முடிவு செய்துகொள் என்று சொல்கிறோம். பட்டியலைத் திரும்ப வாங்கவும் முடியாமல் போனதும் ffmpeg நின்றுவிடும். நின்றதும் வெளியே உள்ள `while` வளையம் மூன்று விநாடி பொறுத்து மறுபடி தொடங்கிவிடும். இணையம் இன்னும் வரவில்லை என்றால் மறுபடி தோற்கும், மறுபடி தொடங்கும். தோற்ற முயற்சிகளால் வெற்றுக் கோப்புகள் குவியாது. உள்ளே வரும் நேரலை திறந்த பிறகே ffmpeg வெளியே எழுதத் தொடங்கும்.

கோப்புப் பெயரில் உள்ள `%Y%m%d-%H%M%S` மேலெழுதும் ஆபத்தை நீக்குகிறது. ஒவ்வொரு துண்டும் திறக்கப்பட்ட நாளும் நேரமும் அதன் பெயரில் ஏறிவிடும். எத்தனை முறை அறுந்து தொடங்கினாலும் பெயர் மோதாது. பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும்.

நிறுத்துவதில் ஒரு சின்ன விஷயம். Ctrl+C அடித்தால் ffmpeg மட்டும் நிற்கும். அது கண்ணியமாகக் கோப்பை மூடிவிட்டு வெளியேறுவதால், வளையம் அதையும் ஓர் அறுபடல் என்று எண்ணி மூன்று விநாடியில் மறுபடி தொடங்கிவிடும். அந்த மூன்று விநாடிக்குள் இன்னொரு முறை Ctrl+C அடிக்க வேண்டும். நேரலை முடிந்த பிறகு கருவி தானாக நிற்கும் என்றும் காத்திருக்காதீர்கள். நீங்கள் நிறுத்தும்வரை அது கதவைத் தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இனி ஒரு மாலையைப் படித்துப் பார்ப்போம். 2025 டிசம்பர் 20, சனிக்கிழமை. ஆறே கால் கச்சேரி. முதல் ஒரு மணி நேரத்துக்குள் கோப்புறையில் இவை சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
k-20251220-181502.ts
k-20251220-182446.ts
k-20251220-183446.ts
k-20251220-184131.ts
k-20251220-185115.ts
```

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே சரியாகப் பத்து நிமிடம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே 6 நிமிடம் 45 விநாடிதான் இருக்கிறது. அங்கே ஏதோ நடந்திருக்கிறது. சாதாரணமாக 18:44:46க்குத் தொடங்கவேண்டிய துண்டு 18:41:31க்கே தொடங்கியிருப்பதால், இணைப்பு அறுந்து கருவி புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று தெரிகிறது.

முதல் இரண்டுக்கும் இடையே ஏன் 9 நிமிடம் 44 விநாடி என்ற கேள்வி வரும். அது பழுது இல்லை. நேரலையில் நுழையும்போது ffmpeg கடைசித் துண்டிலிருந்து தொடங்குவதில்லை. சர்வரின் பட்டியலில் கடைசியிலிருந்து மூன்றாவது துண்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு துண்டு ஆறு விநாடி என்றால், நுழையும்போதே ஏற்கெனவே நடந்து முடிந்த 18 விநாடி கையில் வந்துவிடுகிறது. அதனால் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதல் துண்டு ஏறத்தாழ அவ்வளவு நேரம் முன்னதாகவே நிறைந்துவிடும். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையேயும் அதே 9 நிமிடம் 44 விநாடி இருப்பதைப் பாருங்கள். இது நினைவில் இருந்தால், எத்தனை முறை அறுந்தது என்று பெயர்களைப் பார்த்தே எண்ணிவிடலாம்.

பாட்டில் எவ்வளவு போயிற்று? மூன்றாவது துண்டின் நீளத்தைக் கேட்போம்.

```
ffprobe k-20251220-183446.ts
```

`Duration: 00:05:58` என்று பதில் வருகிறது. 18:34:46 உடன் 5 நிமிடம் 58 விநாடியைக் கூட்டினால் 18:40:44. அதுவரை கைக்கு வந்துவிட்டது. அடுத்த துண்டு 18:41:31க்குத் திறந்தது. இடைவெளி 47 விநாடி. ஆனால் அது நுழையும்போது 18 விநாடி பின்னாலிருந்து எடுத்துக்கொண்டதால் உண்மையில் போனது 29 விநாடி. துண்டின் எல்லைகளைப் பொறுத்து இதில் ஐந்தாறு விநாடி முன்பின் இருக்கும். ஆலாபனையில் ஒரு சஞ்சாரம், அல்லது ஒரு சிட்டைஸ்வரத்தின் பாதி.

இந்த 29 விநாடியையும் மீட்டிருக்க முடியும் என்பதுதான் எச்எல்எஸ் முறையின் அழகு. சர்வர் பட்டியலில் கடைசி மூன்று துண்டுகள் மட்டும் இருப்பதில்லை. பல இடங்களில் பத்துத் துண்டு வரை வைத்திருப்பார்கள், அதாவது கடந்த அறுபது விநாடி. நம் இணைப்பு அறுந்திருந்த 47 விநாடியும் அந்த அறுபதுக்குள் அடங்கிவிடுகிறது. அறுபடாத சர்வரில் அது பத்திரமாக இருந்தது, நாம்தான் எடுக்கவில்லை. `-i` என்பதற்கு முன்னால் `-live_start_index 0` என்று சேர்த்துவிட்டால், பட்டியலில் இருக்கும் மிகப் பழைய துண்டிலிருந்து தொடங்கும். அப்போது இடைவெளிக்குப் பதில் 13 விநாடி இரட்டிப்பாக வந்திருக்கும். இரட்டிப்பை எடிட்டிங்கில் ஒரு வெட்டில் சரிசெய்யலாம். இல்லாததை எந்த எடிட்டிங்கும் கொண்டுவராது. ஆகவே இரட்டிப்பு வரும்படியாகவே ஏற்பாட்டை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆனால் இதைச் சேர்ப்பதற்கு முன் .m3u8 முகவரியை ஒருமுறை இறக்கி, நோட்பேடில் திறந்து, எத்தனை துண்டுகள் பட்டியலில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். சாதாரண எழுத்துக் கோப்புதான், பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே இன்னும் சில .m3u8 பெயர்கள் மட்டும் இருந்தால் அவை வெவ்வேறு தரத்துக்கான பட்டியல்கள். அவற்றில் ஒன்றைத் திறந்து பார்க்கவேண்டும். சில நேரலைகள் தொடக்கத்திலிருந்தே எல்லாத் துண்டுகளையும் பட்டியலில் வைத்திருக்கும், பார்ப்பவர் பின்னால் தள்ளிப் பார்க்க வசதியாக. அங்கே பூஜ்யம் போட்டால் ஒவ்வொரு அறுபடலுக்குப் பிறகும் வணக்கம் சொல்வதிலிருந்து கச்சேரி முழுவதும் மறுபடி இறங்கும். அத்தகைய இடத்தில் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அங்கே எதுவும் உடனே தொலையாது என்பதால், பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

ffmpeg நிற்காமலே சில துண்டுகளைத் தவறவிடுவதும் உண்டு. இணையம் சாகாமல், ஆனால் நத்தை வேகத்தில் ஊரும்போது இப்படி ஆகும். ஒரு துண்டை இறக்கி முடிப்பதற்குள் அடுத்த சில துண்டுகள் சர்வர் பட்டியலிலிருந்தே நீங்கிவிடும். அப்போது திரையில் `skipping 4 segments ahead, expired from playlists` என்பதுபோல ஒரு வரி வரும். நான்கு துண்டு, ஆறு விநாடி, ஆக 24 விநாடி பாட்டில் ஓட்டை. கோப்புப் பெயர்களில் இது தெளிவாகத் தெரியாது. திரையில் ஓடும் செய்திகளை ஒரு கோப்பில் சேமித்து வைப்பவருக்கு மட்டும் பிறகு தெரியும். இந்த வரி அடிக்கடி வந்தால் வீட்டில் வேறு யாராவது படம் பார்க்கிறார்களா என்று பாருங்கள். அல்லது நேரலையின் குறைந்த தர வடிவத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். கச்சேரிக்குக் காதுதான் முக்கியம்.

முடிந்ததும் துண்டுகளை ஒட்டுவது எளிது.

```
for f in k-*.ts; do echo "file '$f'"; done > list.txt
ffmpeg -f concat -i list.txt -c copy kutcheri.mp4
```

முதல் வரி பெயர்களை வரிசையாக ஒரு பட்டியலில் எழுதுகிறது. இரண்டாவது, அந்தப் பட்டியலின்படி ஒட்டி .mp4 ஆக்குகிறது. இங்கே .mp4 ஆபத்தில்லை. மூலத் துண்டுகள் கையில் இருக்கும்போது பாதியில் நின்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டியதைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முக்கியமாக, அறுந்து சேர்ந்த இடத்துக்குப் பிறகு மிருதங்கக்காரரின் கையும் சத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று கவனியுங்கள். அதன் பிறகே துண்டுகளை அழிக்கலாம்.

கட்டளை எழுதுவது ஒத்துவராது என்பவர்கள் ஓபிஎஸ் ஸ்டூடியோவில் திரையைப் பதிவு செய்யலாம். அதன் அமைப்புகளில் கோப்பு வகையை .mkv என்று வைத்தால் கரண்ட் போனாலும் போனவரை ஓடும். 2022இல் வந்த 28ஆவது பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒருமுறை தானாகக் கோப்பைப் பிரிக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது திரையில் தெரிவதைத்தான் பிடிக்கும். பிளேயர் சுற்றிக்கொண்டே நின்றால் சுற்றுவதையும் சேர்த்து அழகாகப் பதிவு செய்து கொடுக்கும்.

எந்த வழியானாலும் முதல் நாளே சோதித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு நேரலையைப் பதிவில் போட்டுவிட்டு, ரௌட்டர் கேபிளை உருவி அரை நிமிடம் கழித்துச் செருகுங்கள். பிறகு பதிவு ஓடும்போதே வேறொரு டெர்மினலிலிருந்து `killall -9 ffmpeg` கொடுத்துக் கொல்லுங்கள். இரண்டுக்கும் பிறகு புதிய பெயரில் புதிய துண்டு தொடங்கியிருக்க வேண்டும், பழைய துண்டு அறுந்த இடம் வரை ஓட வேண்டும். மடிக்கணினி தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றுவதும், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அன்றே முடியவேண்டிய வேலை. பல வீடுகளில் கணினி யுபிஎஸ்ஸில் இருக்கும், ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் சுவரில் நேராகச் செருகியிருக்கும். கரண்ட் போனால் கணினி விழித்திருந்து வெற்றுக் கம்பியைக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த இரண்டு பெட்டிகளையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள், அல்லது அவற்றுக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. அரங்கத்திலிருந்து சர்வருக்குப் போகும் இணைப்பு அறுந்தால், வாங்குகிற பக்கத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்துப் பாட்டு அரங்கத்தை விட்டு வெளியே வரவே இல்லை. அதனால் சபாக்காரர்களுக்கும் கோயில் விழாக் கமிட்டிகளுக்கும் நேரலை எடுத்துத் தரும் வீடியோகாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நேரலை அனுப்பும்போதே கேமராவில் ஒரு மெமரி கார்டைப் போட்டு, அங்கேயே ஒரு பதிவை ஓட விடுங்கள்.